இதழியல் விரிவுரையைச் செய்தி எழுதும் டெம்ப்ளேட்டாக மாற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விரிவுரைக் குறிப்பெல்லாம் கையில் இருக்கிறது. அதைச் சுருக்கி ஒரு பக்கத்தில் போட்டாலே டெம்ப்ளேட் ஆகிவிடாதா?

ஆகாது. அப்படிச் செய்தால் தேர்வுக்குப் படிக்க உதவும் ஒரு தாள் கிடைக்கும், அவ்வளவுதான். "முதல் பத்தி செய்தியின் சாரத்தைச் சொல்ல வேண்டும்" என்று அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு உட்கார்ந்தாலும், சாரம் எது என்பது எழுதுகிறவருக்கு முன்பு தெரியாத மாதிரியே இப்போதும் தெரியாது. விரிவுரையாளர் ஒரு மணி நேரம் பேசுவது பெரும்பாலும் "செய்தி என்றால் என்ன, தலைப்பு என்றால் என்ன" என்ற விளக்கம். எழுதும்போது நமக்கு வேண்டியது முடிவு: கையில் இருக்கும் பத்துத் தகவலில் எது முதலில், எது நான்காவது பத்தியில், எது குப்பைக் கூடைக்கு. டெம்ப்ளேட்டின் ஒவ்வொரு வரியும் அந்த மாதிரி ஒரு முடிவை எழுதுகிறவரிடமிருந்து பிடுங்க வேண்டும். பிடுங்காத வரி அந்தப் பக்கத்தில் இருந்து பயனில்லை.

விரிவுரையில் எதை எடுப்பது, எதை விடுவது?

பேச்சின் ஒலிப்பதிவோ குறிப்போ எதுவாக இருந்தாலும், ஒருமுறை முழுதாகப் படித்துக்கொண்டே மூன்று வகை வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஒன்று, "இதைச் செய்" என்கிற விதி. இரண்டு, "இதைச் செய்யாதே" என்கிற எச்சரிக்கை. மூன்று, ஒரு மோசமான வரியைக் காட்டி அதைத் திருத்திக் காட்டிய இடம். வரலாறு, இலக்கணம் போல ஒப்பிக்கிற வரையறைகள், பழைய அனுபவக் கதைகள் எல்லாம் கேட்கச் சுவையாக இருக்கும், ஆனால் டெம்ப்ளேட்டுக்குள் வராது. முக்கியமானதை முதலில் வைத்து மற்றதை வரிசையாகக் கீழே வைக்கும் தலைகீழ்ப் பிரமிடு எப்போது பிறந்தது என்று தெரிந்துகொண்டு யாரும் இரண்டாவது பத்தியை எழுதிவிட முடியாது.

இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது எச்சரிக்கைதான். விதியைப் பாடப்புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். "கூட்டம் நடந்தது என்று தொடங்காதீர்கள்" என்று ஒருவர் குரலை உயர்த்திச் சொல்கிறார் என்றால், அவர் திருத்திய நூற்றுக்கணக்கான தாள்களில் அதைப் பார்த்துச் சலித்துப்போய்ச் சொல்கிறார். பாதிப் பேர் நிச்சயமாக அங்கேதான் வழுக்குவார்கள், அதனால் டெம்ப்ளேட்டில் அந்த இடத்துக்கு ஒரு தனிக் கேள்வி வைக்க வேண்டும்.

சரி, அடிக்கோடு போட்டாயிற்று. அந்த வாக்கியங்களைக் கேள்வியாக மாற்றுவது எப்படி?

வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறி போட்டால் போதாது. "முக்கியமானது முதலில் வர வேண்டும்" என்பதை "முக்கியமானது எது?" என்று மாற்றினால் அது இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது, எழுதுகிறவருக்கு எல்லாமே முக்கியம். கேள்வியை வாசகர் பக்கமாகத் திருப்பிப் பாருங்கள்: "ஒருவர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டார். இந்தச் செய்தியால் அவருடைய அன்றாடத்தில் என்ன மாறுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? மாறுவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்." இதற்குப் பதில் எழுதத் தொடங்கினால் பாதி முதல் பத்தி தானாக வந்துவிடும்.

ஒரு நல்ல கேள்விக்குள் மூன்று விஷயம் இருக்கும்: என்ன எழுத வேண்டும், எவ்வளவு எழுதலாம், சரியாக வந்ததா என்று எப்படிப் பார்ப்பது. இந்த மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "மேற்கோள் ஒன்று சேர்க்கவும்" என்பதைவிட "ஒருவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு வரி எழுதுங்கள், அதே தகவலை நீங்களே சுருக்கமாகச் சொல்லிவிட முடியும் என்றால் அது மேற்கோளாகத் தேவையில்லை" என்பது வேலை செய்யும். எழுதியவரே திரும்பிப் பார்த்து அடித்துவிடுவார்.

அப்புறம், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுத விடும் கட்டத்துக்குப் பக்கத்திலும் "தெரியவில்லை, யாரைக் கேட்பேன்?" என்று ஒரு சின்ன இடம் விடுங்கள். இது எந்த விரிவுரையிலும் இருக்காது. ஆனால் காலியாக ஒரு கட்டம் முன்னால் இருந்தால், மாணவர்கள் அதை எப்படியாவது நிரப்பப் பார்ப்பார்கள், தகவல் இல்லாவிட்டால் ஊகத்தைப் போட்டு நிரப்புவார்கள். காலியாக விடுவதற்கும் ஓர் இடம் இருந்தால் அந்த ஊகம் செய்திக்குள் வராது.

தலைப்புதான் மேலே இருக்கிறது, அப்படியானால் அதைத்தானே முதலில் எழுத வேண்டும்?

தாளில் மேலே இருக்கட்டும், நிரப்புவது கடைசியில். விரிவுரைகள் பெரும்பாலும் தலைப்பு, முதல் பத்தி, உடல் என்று பக்கத்தில் தெரிகிற வரிசையில் போகும். வேலை அந்த வரிசையில் நடப்பதில்லை. கவர்ச்சியான தலைப்பு ஒன்றை முதலிலேயே எழுதிவிட்டால் அதன்மேல் பாசம் வந்துவிடும், பிறகு செய்தி முழுவதும் அந்தத் தலைப்பை நியாயப்படுத்தவே எழுதப்படும்.

ஆகவே கட்டங்களுக்கு எண் போடுங்கள். 1 தகவல்களைக் கொட்டும் இடம், 2 ஒரே வரியில் செய்தி, 3 முதல் பத்தி, 4 மீதிப் பத்திகள், 5 தலைப்பு. தலைப்புக் கட்டம் பக்கத்தின் உச்சியில் 5 என்ற எண்ணோடு உட்கார்ந்திருப்பது பார்க்கக் கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும், பரவாயில்லை, அந்த விநோதமே நினைவூட்டல்.

முதல் பத்தியை ஓர் உதாரணத்தோடு காட்ட முடியுமா?

பயிற்சிக்காக ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்வோம். நகர மன்றக் கூட்டம் ஒன்றுக்குப் போய் வந்த செய்தியாளரின் குறிப்பு இது:

செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்குக் கூட்டம் தொடங்கியது. முதலில் தெருவிளக்கு பற்றிப் பேச்சு, பிறகு பூங்கா, கடைசியில் நூலகம். நூலக வாசிப்பு அறை இப்போது இரவு 9 மணி வரை திறந்திருக்கிறது. அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் மாலை 6 மணிக்கு மூடுவது என்று தீர்மானம். ஆதரவு 7, எதிர்ப்பு 4. இரவுப் பணியில் இருந்த இருவர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், பதிலுக்கு ஆள் எடுக்கவில்லை என்றார் மன்றத் தலைவர். ஆள் எடுக்க ஒதுக்கிய தொகை செலவாகவே இல்லை என்றார் எதிர்த்து வாக்களித்த ஓர் உறுப்பினர். 6 மாதம் கழித்து முடிவை மறுபடி பார்ப்பார்களாம். வெளியே நின்ற கல்லூரி மாணவி ஒருவர், "பகலில் வேலைக்குப் போகிறேன், 6 மணிக்கு மேல்தான் இங்கே வரவே முடியும்" என்றார்.

டெம்ப்ளேட் இல்லாமல் எழுதினால் வரக்கூடிய முதல் பத்தி: "நகர மன்றத்தின் மாதாந்திரக் கூட்டம் மன்றத் தலைவர் தலைமையில் செவ்வாய்க்கிழமை மாலை நடைபெற்றது. இதில் உறுப்பினர்கள் பலர் கலந்துகொண்டனர். கூட்டத்தில் பல்வேறு தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன." மூன்று வாக்கியம் போயாயிற்று, நூலகம் என்ற சொல்லே வரவில்லை. விரிவுரையாளர் எதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாரோ, இது அதுதான். இதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கல். எல்லாமே உண்மை, எதுவுமே செய்தி இல்லை.

இப்போது "வாசகரின் அன்றாடத்தில் என்ன மாறுகிறது" என்ற கேள்வியை முன்னால் வைத்தால் மாறுவது கூட்டமல்ல, நேரம். எனவே: "நகர நூலகத்தின் வாசிப்பு அறை அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் மாலை 6 மணிக்கே மூடப்படும். இரவுப் பணிக்கு ஆளில்லை என்பதைக் காரணம் காட்டி நகர மன்றம் செவ்வாய்க்கிழமை இந்த முடிவை எடுத்தது."

இதில் "காரணம் காட்டி" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். "ஆளில்லாததால் முடிவெடுத்தது" என்று எழுதியிருந்தால் அதுதான் காரணம் என்று நாமே சான்றிதழ் கொடுத்த மாதிரி. ஆனால் பணம் இருந்தது, ஆள்தான் எடுக்கவில்லை என்று இன்னொருவர் சொல்கிறாரே. அதனால் "ஏன்" கட்டத்துக்குக் கீழே எப்போதும் ஒரு துணைக் கேள்வி வேண்டும்: "இந்தக் காரணத்தைச் சொன்னது யார்? வேறு யாராவது மறுக்கிறார்களா?" யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் பெரும்பாலும் உறுதி செய்துகொள்ளக்கூடிய தகவல், ஏன் என்பது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வாதம்.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி: ஆறுக்கும் முதல் பத்தியிலேயே பதில் வர வேண்டுமா?

வேண்டாம். ஆறையும் ஒரே பத்தியில் திணித்தால் மூச்சு முட்டும். விரிவுரையில் ஆறையும் ஒரே மூச்சில் சொல்வதால் ஆறும் சம எடை என்று தோன்றிவிடுகிறது. டெம்ப்ளேட்டில் ஆறுக்கும் பதில் எழுத இடம் கொடுங்கள், ஆனால் அது 1-ஆம் கட்டத்தில். அதன் கீழே ஒரே ஒரு கேள்வி: "இந்த ஆறில் எந்த இரண்டு அல்லது மூன்று முதல் பத்திக்குப் போகும்? மீதி எந்தப் பத்திக்கு?"

இதற்கு நல்ல பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1865 ஏப்ரல் 14 இரவு வாஷிங்டனில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது, அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் லாரன்ஸ் கோப்ரைட் தந்தியில் முதலில் அனுப்பியது ஒரே வாக்கியம்: குடியரசுத் தலைவர் இன்றிரவு ஓர் அரங்கில் சுடப்பட்டார், ஒருவேளை உயிர் போகும் அளவுக்குக் காயம் இருக்கலாம். யாருக்கு, என்ன, எப்போது, எங்கே எல்லாம் வந்துவிட்டது. சுட்டது யார், ஏன் என்பது அதில் கிடையாது. "ஒருவேளை" என்ற சொல்லையும் பாருங்கள், எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். காலியாக விடும் கட்டம் எதற்கு என்று மாணவர்கள் கேட்டால் இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

முதல் பத்தி இத்தனை சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று எண் போடலாமா?

போடலாம், போடவும் வேண்டும். ஆனால் விரிவுரையில் சொன்ன எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். ஆங்கிலப் பாடநூல்களில் 25 முதல் 35 சொல் என்று ஒரு கணக்கு அடிக்கடி வரும். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடேயே ஒட்டிக்கொள்வதால், 35 சொல் என்பது இங்கே கணிசமான நீளம். மேலே இருக்கும் நூலகப் பத்தி இரண்டு வாக்கியமும் சேர்ந்து 25 சொல்தான், அதற்குள் எல்லாம் வந்துவிட்டது. வாக்கியத்துக்கு 15, பத்திக்கு 30 என்று வைத்தால் தாராளம்.

சொல்லை எண்ணுவதைவிட நான் முக்கியமாக நினைப்பது வினைமுற்று எங்கே வருகிறது என்பது. தமிழில் அது கடைசியில்தான் வரும். "செவ்வாய்க்கிழமை நடைபெற்ற கூட்டத்தில் இரவுப் பணியாளர்கள் ஓய்வு பெற்றதை அடுத்து ஏற்பட்ட பற்றாக்குறையைக் கருத்தில் கொண்டு" என்று எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போனால், என்ன நடந்தது என்பது தெரிவதற்குள் வாசகர் பத்துப் பதினைந்து சொல்லை மனதில் சுமக்க வேண்டியிருக்கிறது. டெம்ப்ளேட்டில் இப்படி ஒரு கேள்வி வையுங்கள்: "முதல் வினைமுற்று எத்தனையாவது சொல்? 15-ஐத் தாண்டினால் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள்." எண்ணிப் பார்த்துத் திருத்திவிடலாம், எந்த விவாதமும் தேவைப்படாது.

மீதிப் பத்திகளுக்கு என்னென்ன கேள்வி வைப்பது?

"உடல்" என்று ஒரே பெரிய கட்டமாக விடாதீர்கள். பெரிய காலி இடத்தைப் பார்த்தால் கை தானாகக் காலவரிசைக்குப் போய்விடும்: 4 மணிக்குத் தொடங்கியது, பிறகு தெருவிளக்கு, பிறகு பூங்கா. பத்திக்குப் பத்தி கேள்வி வையுங்கள்.

இரண்டாவது பத்திக்கு: "முதல் பத்தியைப் படித்தவர் உடனே கேட்கும் கேள்வி எது?" நூலகச் செய்தியில் அது "எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா, இப்போது எத்தனை மணி வரை இருக்கிறது?" என்பதாக இருக்கும். அங்கே 7-4 வாக்கும் இரவு 9 மணி என்ற தகவலும் போகின்றன.

மூன்றாவதற்கு: "இந்த முடிவைத் தவறு என்று சொல்பவர் யார், அவர் வைக்கும் வலுவான வாதம் என்ன?" எதிர்த்த உறுப்பினர், செலவாகாத தொகை. இங்கேயே இன்னொரு கேள்வியும் சேர்த்துவிட வேண்டும்: "அந்தக் குற்றச்சாட்டுக்கு எதிர்த்தரப்பின் பதிலைக் கேட்டீர்களா?" நம் குறிப்பில் மன்றத் தலைவரின் பதில் இல்லை. ஆக "யாரைக் கேட்பேன்" இடத்தில் தலைவரின் பெயர் எழுதப்படும், செய்தியாளர் ஃபோனை எடுப்பார். இந்த டெம்ப்ளேட் முழுவதிலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன். எழுத்தை மெருகேற்றுவது செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருப்பவர்களால் முடியும், கேட்காமல் விட்ட கேள்வியை அவர்களால் எழுத முடியாது.

நான்காவதற்கு: "இதனால் நேரடியாகப் பாதிக்கப்படும் ஒருவர் என்ன சொல்கிறார், அவருடைய சொற்களில்?" மாணவியின் வரி. அது மேற்கோளாகவே நிற்க வேண்டிய வரி, நாம் சுருக்கினால் அதன் சூடு போய்விடும்.

அதற்குப் பிறகு பின்னணி (ஓய்வு பெற்றது எப்போது, இதற்கு முன் நேரம் மாறியதுண்டா), அடுத்து என்ன (6 மாதம் கழித்து மறுபார்வை). தெருவிளக்கும் பூங்காவும் இந்தச் செய்தியில் இல்லவே இல்லை, அவற்றில் செய்தி இருந்தால் தனியாக எழுத வேண்டும். இதை விடத்தான் பலருக்கு மனசு வராது.

கடைசியில் கத்தரிச் சோதனை: கீழிருந்து ஒவ்வொரு பத்தியாகக் கையால் மறைத்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் மிச்சமிருப்பது தனியாக நிற்கிறதா? மூன்றாவது பத்தியோடு நின்றாலும் இரண்டு தரப்பும் வந்திருக்க வேண்டும். மாணவியின் மேற்கோளுக்காக எதிர்ப்பைக் கீழே தள்ளினால், இடமில்லை என்று டெஸ்க்கில் வெட்டும்போது ஒருதலைச் செய்தியாகிவிடும்.

"கூறியதாவது" என்று தொடங்கி "இவ்வாறு அவர் கூறினார்" என்று முடிக்கும் வடிவத்தை டெம்ப்ளேட்டில் வைக்கலாமா?

வேண்டாம் என்பேன். செய்தித்தாளில் பழகிப்போன வடிவம்தான், யாரும் தவறென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் நடுவில் நான்கைந்து பத்தி ஓடும்போது, அங்கே சொல்லப்படுவது பேசியவருடைய கருத்தா செய்தியாளருடைய தகவலா என்று வாசகருக்கு மறந்துபோகும். கைப்பேசியில் உருட்டிக்கொண்டே படிக்கிறவர் நடுப் பத்தியில் வந்து விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். கீழிருந்து வெட்டும்போதோ, மூடும் வரி போய்விடுகிறது, யாருடைய பேச்சு எங்கே முடிந்தது என்றே தெரியாமல் போகிறது.

பதிலாகப் பத்திக்கு ஒரு கேள்வி: "இந்தப் பத்தியில் இருப்பதைச் சொன்னது யார் என்று இந்தப் பத்திக்குள்ளேயே இருக்கிறதா?" கூடவே, "கூறப்படுகிறது", "தெரிகிறது" என்று எழுதியிருந்தால் அந்தச் சொல்லை வட்டமிட்டு, கூறியது யார் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியவில்லை என்றால் அந்தத் தகவல் இன்னும் செய்தியாகவில்லை. "கூறினார்", "தெரிவித்தார்", "என்றார்" இவை போதும். "ஒப்புக்கொண்டார்", "மழுப்பினார்" என்றெல்லாம் எழுதினால் பேசியவரை நாமே எடைபோட்டுவிடுகிறோம்.

தலைப்புக் கட்டத்தில் என்ன கேட்க வேண்டும்?

முதலில் "முதல் பத்தியிலிருந்து பெயர்ச்சொல் இரண்டு, நடந்த செயல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒரு வரைவை எழுத விடுங்கள். தமிழில் தலைப்பு பெரும்பாலும் மூடல், குறைப்பு, கைது, தொடக்கம் என்று பெயர்ச்சொல்லில் முடியும், அது இடத்தையும் மிச்சப்படுத்தும். பிறகு சொல் சொல்லாக ஒரு சோதனை: "இந்தத் தலைப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் செய்திக்குள் ஆதாரம் எந்தப் பத்தியில் இருக்கிறது? எண்ணை மேலே போடுங்கள்."

"நூலக நேரம் குறைப்பு: மாணவர்கள் அதிர்ச்சி" என்று எழுதியவர் இந்தச் சோதனையில் மாட்டுவார். நேரம் குறைப்பு, சரி, பத்தி 1. மாணவர்கள்? பேசியது ஒரே ஒரு மாணவி. அதிர்ச்சி? அவர் தனக்கு வர முடியாது என்றுதான் சொன்னார். இரண்டு சொல்லும் போய்விடும். அடுத்த முயற்சி "நூலக வாசிப்பு அறை இனி மாலை 6 மணிக்கு மூடல்" என்று வந்தால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் "இனி" என்ற சொல்லால் அன்றைக்கு மாலையே யாராவது 6 மணிக்குள் ஓடிவரக்கூடும். மாற்றம் அடுத்த மாதம்தான். "நகர நூலக வாசிப்பு அறை: அடுத்த மாதம் முதல் மாலை 6 மணிக்கு மூடல்" என்பது கொஞ்சம் நீளம், கவர்ச்சியும் குறைவு, எனக்கு இதுவே போதும்.

முழு டெம்ப்ளேட்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?

மேலே சொன்னதையெல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய இப்படி வரும். உங்கள் விரிவுரையில் வந்த எச்சரிக்கைகளை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

5. தலைப்பு (கடைசியில் நிரப்பவும்): பெயர்ச்சொல் இரண்டு, செயல் ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் எந்தப் பத்தி?

1. தகவல்: யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி. ஒவ்வொன்றுக்கும் சொன்னவர் யார்? தெரியாததற்கு யாரைக் கேட்பேன்?

2. ஒரே வரி: இந்தச் செய்தியால் வாசகருக்கு என்ன மாறுகிறது?

3. முதல் பத்தி: 30 சொல்லுக்குள். முதல் வினைமுற்று 15 சொல்லுக்குள் வந்துவிட்டதா? காரணத்தைச் சொன்னவர் யார் என்று தெரிகிறதா? கூட்டம், விழா, சந்திப்பு "நடைபெற்றது" என்று தொடங்குகிறதா? தொடங்கினால் 2-க்குத் திரும்பு.

4அ. வாசகரின் அடுத்த கேள்விக்குப் பதில்.
4ஆ. மறுப்பவர், அவருடைய வாதம், அதற்கு எதிர்த்தரப்பின் பதில்.
4இ. பாதிக்கப்படுபவரின் சொற்களில் ஒரு மேற்கோள்.
4ஈ. பின்னணி. 4உ. அடுத்து என்ன, எப்போது?
கீழிருந்து மறைத்துப் பார்த்தாயிற்றா?

இதற்கு மேல் ஏற்றினால் ஒரு பக்கத்தைத் தாண்டும், தாண்டினால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

இது எல்லா வகைச் செய்திக்கும் பொருந்துமா?

முடிவு, அறிவிப்பு, விபத்து, தீர்ப்பு போன்ற உடனடிச் செய்திக்குப் பொருந்தும். ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் கட்டுரைக்கும், நேர்காணலுக்கும் பொருந்தாது. அங்கே முக்கியமானதை முதலிலேயே கொட்டிவிட்டால் படிக்க எதுவும் மிஞ்சாது. மணிக்கணக்கில் நீண்ட ஒரு மீட்புப் பணி மாதிரி செய்தி இரண்டுக்கும் நடுவில் வரும். முதல் மூன்று பத்தியை இந்த டெம்ப்ளேட்டில் எழுதிவிட்டு, "நடந்தது இதுதான்" என்று ஒரு திருப்ப வரி வைத்து, அதன் பிறகு காலவரிசையில் சொல்லிக்கொண்டு போகலாம். அதற்கு 4ஆ-வுக்குக் கீழே ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.

விரிவுரையாளரின் பாடத்தை வைத்துச் செய்ததை மற்றவர்களோடு பகிரலாமா?

அவருடைய ஸ்லைடையோ உதாரணங்களையோ அப்படியே எடுத்திருந்தால் கேட்டுவிட்டுப் பகிருங்கள், பெயரையும் போடுங்கள். தலைகீழ்ப் பிரமிடும் ஆறு கேள்விகளும் யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. உதாரணத்தை நீங்களே உருவாக்கிக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது.

டெம்ப்ளேட் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே குறிப்பை இரண்டு பேரிடம் கொடுத்து, பேசிக்கொள்ளாமல் நிரப்பச் சொல்லுங்கள். முதல் பத்தி சொல்லுக்குச் சொல் ஒன்றாக வர வேண்டியதில்லை, ஆனால் 2-ஆம் கட்டத்தில் இருவரும் ஒரே செய்தியைப் பிடித்திருக்க வேண்டும். ஒருவர் நூலக நேரத்தையும் இன்னொருவர் 7-4 வாக்கெடுப்பையும் எழுதியிருந்தால் அந்தக் கேள்வி இன்னும் தெளிவாக வேண்டும், "வாசகர்" என்றால் யார் என்று அதில் சேர்த்துப் பாருங்கள்: நூலகத்துக்குப் போகிறவரா, நகர அரசியலைக் கவனிக்கிறவரா?

எல்லோரும் தாண்டிப் போகும் கட்டம் எது என்றும் பாருங்கள். தொடர்ந்து காலியாக இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: கேள்வி புரியவில்லை, அல்லது அந்தத் தகவலை யாரும் சேகரித்து வரவில்லை. நிரப்பியவரை அழைத்து வாயால் கேட்டால் தெரிந்துவிடும். பதில் சொல்கிறார் என்றால் கேள்வியின் வாசகத்தை மாற்றுங்கள். விழிக்கிறார் என்றால் அந்தக் கேள்வியை டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்து, கூட்டத்துக்குப் போகும்போதே கையில் வைத்திருக்கும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். 4ஆ-வில் இருக்கும் எதிர்த்தரப்பின் பதில் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும்.